மணி அடித்த பிறகு ஆறு நிமிடம்

எங்கள் மாலை நேரச் சட்ட வகுப்பில் அவருக்கு ‘சைட்டு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேடு மட்டும்தான் பயன்படுத்தியது. இருபத்தாறு வருடம் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். வாயைத் திறந்தால் “சைட்ல இப்படித்தான்” என்று ஆரம்பிப்பார், பெயர் வராமல் என்ன செய்யும்?

முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அவருடைய கம்பெனியில் ஒப்பந்தப் பிரிவில் ஒரு நாற்காலி காலியானது. ஒப்பந்தச் சட்டத் தாளில் தேறினால் நாற்காலி. தேறாவிட்டால் பழையபடி சாரம் ஏற வேண்டும், ஏற முடியாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு தாளில் மனிதர் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார். மூன்றாவது தடவைதான் கடைசி, அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். ஒப்பந்தங்களை அடித்து அடித்தே பாதிச் சட்டம் எனக்கு விரலில் ஏறிவிட்டது. ஆனாலும் முதல் தடவை காய்ச்சலில் படுத்துவிட்டதால் நானும் அந்தத் தாளை எழுத வேண்டியிருந்தது. “அண்ணே, உங்கள நான் தேத்தி விடறேன்” என்று வாயைக் கொடுத்தேன். அப்படியொரு திமிர் எனக்கு அப்போது இருந்தது, மறைப்பானேன்.

தாளில் ஒரே ஒரு கேள்விதான். ஒரு கதை சொல்வார்கள், நாற்பத்தைந்து நிமிடத்தில் யாருக்கு என்ன உரிமை என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்டட வேலை தாமதமான கதையைத்தான் கொடுப்பார்கள். ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவைத்த தொகை நியாயமான இழப்பீடா, இல்லை ஆளைப் பயமுறுத்த வைத்த தண்டத்தொகையா என்பதுதான் விஷயம். இழப்பீடு என்றால் கட்ட வேண்டும், தண்டம் என்றால் செல்லாது.

இதைவிடச் சுலபமான தாள் இவருக்கு அமையுமா? ஆனால் அவருக்கு அங்கேதான் வினை. முதல் தடவை, கட்டட முதலாளி வரைபடத்தைத் தாமதமாகக் கொடுத்தார் என்று கேள்வியில் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் மனிதருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தன் வாழ்நாளில் தாமதமாக வந்த வரைபடங்களைப் பற்றியே மூன்று பக்கம் எழுதிவிட்டு வந்தார். இரண்டாவது தடவை, ஒப்பந்தத்தில் ‘தண்டம்’ என்ற வார்த்தை இருந்ததால் செல்லாது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு, மீதி நேரத்தில் கேள்வியில் சொன்ன கான்கிரீட் கலவை தப்பு என்று நிரூபித்தார்.

“கேள்வியில என்ன இருக்கோ அதான் உலகம். அதோட சண்டை போடாதீங்க” என்று எங்கள் விரிவுரையாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் மதிய இடைவேளையில் சைட்டு எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறைக்கு வந்தார், அங்கேதான் பயிற்சி நடந்தது. கையில் மர ஸ்கேலை வைத்துக்கொண்டு, போனில் நேரம் வைத்துவிட்டு உட்காருவேன்.

“பேர்ல தண்டம்னு இருந்தா?”

“பேரப் பாக்கக் கூடாது.”

“பின்ன எதப் பாக்கணும்?”

“வேலை நேரத்துக்கு முடியறதுல முதலாளிக்கு என்ன அக்கறை, அதுக்கு இந்தத் தொகை பொருத்தமா, இல்ல அநியாயத்துக்கு அதிகமா.”

“எந்தத் தேதியில நின்னு பாக்கணும்?”

“கையெழுத்துப் போட்ட அன்னிக்கு. லேட் ஆனப்புறம் நஷ்டம் கொறஞ்சு போச்சுன்னு சொன்னா எடுபடாது. ஆனா சைட்ல பாத்தீங்கன்னா…”

ஸ்கேலால் மேஜையில் ஒரு அடி. பக்கத்து மேஜைக் கணக்காளர் டீயைக் கொட்டிக்கொண்டார். ஒரு மாதத்தில் அந்த ஸ்கேல் இரண்டாக உடைந்தது, ‘ஆனா சைட்ல’ மட்டும் உடையவில்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: மணி அடித்த பிறகு ஒரு வரி எழுதினாலும் விடைத்தாள் செல்லாது. அறைக் கண்காணிப்பாளர் வினாத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், பிரித்தால் அது குடும்பச் சட்டத் தாள். “ஐயையோ” என்று ஓடினார். சரியான தாளோடு திரும்பி வந்து எல்லோர் கையிலும் கொடுத்து முடித்தபோது பத்து மணி ஆறு நிமிடம்.

“சார், டைம் கூட்டிக் குடுப்பீங்களா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“ஆறு நிமிஷத்துல ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது. பத்தே முக்காலுக்கு மணி அடிக்கும். எழுதுங்க, எழுதுங்க.”

எல்லோரும் முணுமுணுத்துவிட்டுக் குனிந்தோம். சைட்டு மட்டும் குனியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கார்பன் நோட்டை எடுத்து, நிதானமாக நாலு வரி எழுதி, கையைத் தூக்கினார். கண்காணிப்பாளர் வந்ததும், “ஒரு கையெழுத்து சார்” என்றார். அந்த ஆள் ஏற்கெனவே பதறிப் போயிருந்தார், படிக்காமலேயே கிறுக்கிவிட்டுப் போனார். சைட்டு மேல் தாளைக் கிழித்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற நேரமே போதாது, இதில் கடிதப் போக்குவரத்து வேறு!

கேள்வியைப் படித்தேன். மூன்று மாடிக் கடைக் கட்டடம், தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு இருபதாயிரம் ‘தண்டம்’ என்கிறது ஒரு விதி. கையெழுத்திட்ட அன்று முதலாளி எதிர்பார்த்த வாடகை நாளுக்குப் பத்தொன்பதாயிரம், கடைசியில் வாடகைக்கு வந்தவர் கொடுக்கச் சம்மதித்தது எட்டாயிரம்தான். ஒரு நாள் தாமதமானாலும் நூறு நாள் தாமதமானாலும் ஒப்பந்ததாரர் முன்னதாகக் கட்டிய இருபது லட்சம் காப்புத்தொகையும் சேர்ந்து போய்விடும் என்கிறது இன்னொரு விதி. தாமதம் முப்பது நாள். அதில் பன்னிரண்டு நாள், முதலாளி படிக்கட்டு வரைபடத்தைக் கொடுக்காததால் வந்தது. அப்படி வந்தால் ஒப்பந்ததாரர் எழுதிக் கேட்டுக் கூடுதல் நாள் வாங்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அவரும் உரிய நேரத்தில் எழுதிக் கேட்டிருக்கிறார்.

மூன்று மாடி தொண்ணூறு நாளிலா? ஓரக்கண்ணால் பார்த்தேன். சைட்டின் முகம் சிவந்துகொண்டிருந்தது. பேனா தாளில் இறங்கி, நின்று, ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தது. “உலகம்… அதான் உலகம்” என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. அப்புறம் எழுத ஆரம்பித்தார்.

மணி அடித்தது. நான் பேனாவை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன், நல்ல பிள்ளையாக. சைட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

“யோவ், நிறுத்துய்யா! பேப்பர் செல்லாது!” என்று கண்காணிப்பாளர் பாய்ந்து வந்தார்.

“இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு சார்” என்றார் சைட்டு, தலையைத் தூக்காமல். மூன்றாவது தடவை, கடைசித் தடவை, மனிதர் தானே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே! “அண்ணே, வைங்கண்ணே” என்று கெஞ்சினேன். பத்து ஐம்பத்தொன்றுக்குப் பேனாவை வைத்தார்.

நேராகத் தேர்வு அதிகாரி அறைக்கு அழைத்துப் போனார்கள். பேசுவதற்கு நானும் கூடப் போனேன், பேச எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதிகாரி அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். விரிவுரையாளரையும் கூப்பிட்டிருந்தார்.

சைட்டு எழுந்து நின்று ஆரம்பித்தார். “அம்மா, ஒரு நிமிஷம் லேட்டானாலும் பேப்பர் செல்லாது, ஒரு மணி நேரம் லேட்டானாலும் செல்லாது. ரெண்டுக்கும் ஒரே அடி. இது இழப்பீடு இல்ல, தண்டம். செல்லாது.”

விரிவுரையாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, அது ஒப்பந்தத்த மீறுனா குடுக்கற தொகைக்கான சட்டம். இது தேர்வு விதி. இங்க அது பொருந்தாது.”

“அப்படியா சார்” என்றார் சைட்டு. அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு கார்பன் நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். “இது பொருந்துமான்னு பாருங்கம்மா.”

அதிகாரி சத்தமாகப் படித்தார். “வினாத்தாள் பத்து மணி ஆறு நிமிடத்துக்குக் கிடைத்தது. தாமதம் எங்களால் ஏற்பட்டதல்ல. ஆறு நிமிடம் கால நீட்டிப்புக் கோருகிறேன். மறுப்பு இருந்தால் பத்தே முக்காலுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.” கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து, பக்கத்தில் நேரம்.

“இதென்ன உங்க கையெழுத்தா?”

“ஆமாம்மா” என்றார் கண்காணிப்பாளர். “ஆனா நான் படிக்கல.”

“சைட்லயும் யாரும் படிக்க மாட்டாங்கம்மா” என்றார் சைட்டு. “அதனாலதான் ரெண்டு காப்பி போடுவோம்.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “தாமதம் நம்ம பக்கம். இவர் அப்பவே எழுதிக் கேட்டிருக்கார், நாம பதிலே சொல்லல. ஆறு நிமிஷத்துக்கு மேல ஒரு வரியும் எழுதல. தாள ஏத்துக்கலாம்” என்று குறிப்பு எழுதினார்.

மூன்று வாரம் கழித்து முடிவை ஒட்டினார்கள். தேற ஐம்பது வேண்டும். சைட்டுக்கு ஐம்பத்து மூன்று. விடைத்தாளைக் காட்டினார்கள். இருபதாயிரம் விதி செல்லும், பேர் முக்கியமில்லை, பின்னால் நஷ்டம் குறைந்தது கணக்கில் வராது என்று நேராக எழுதியிருந்தார். காப்புத்தொகை விதி தண்டம், செல்லாது. பன்னிரண்டு நாளைக் கழித்தால் மீதி பதினெட்டு நாள், மூன்று லட்சத்து அறுபதாயிரம். அந்தக் கடைசி இரண்டும் அந்த ஆறு நிமிடத்தில் எழுதியவை. ஓரத்தில் பென்சிலால் வேலை அட்டவணைப் படம் ஒன்றும் வரைந்திருந்தார். அதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

வராந்தாவிலேயே வீட்டுக்குப் போன் போட்டார். “நான்தான். இனிமே ஏற வேணாம். ஆமாம்மா, நாற்காலிதான். நாற்காலிதான்னு சொல்றேன்ல.” சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் எனக்கும் கண் கலங்கியது. மனதார அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலில் என் எண்ணைத் தேடினேன். நாற்பத்தேழு. பேர் முக்கியமில்லை என்பதையே இரண்டரைப் பக்கத்துக்கு அலசியிருந்தேன், அவ்வளவு அழகாக. காப்புத்தொகைக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது.

சைட்டு வந்து என் தோளுக்கு மேலாகப் பட்டியலைப் பார்த்தார். அவருக்கு நம்பவே முடியவில்லை.

“உங்களுக்கும் ஆறு நிமிஷம் பாக்கி இருந்துச்சேம்மா” என்றார். “நீங்க ஏன் எழுதிக் கேக்கல?”

கேலியாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.