என்ன வேலை பார்க்கிறீங்க?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்கு அருகே உள்ள அந்த மருந்துக்கடையில் மாரிசெல்வியை விரும்புகிறவர்கள் குறைவு. தும்மலுக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் அவள் முதலில், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்பாள். "மாத்திரை கேட்டா மாப்பிள்ளை விசாரிக்கா" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை அட்டையை எடுக்கவும் இல்லை.

நாற்பத்தொரு வயது. பார்மசி டிப்ளமோ படித்தவள். பதினான்கு வருடமாக அதே கடை. முதலாளி வேல்சாமிக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் உரிமம் நிற்பது அவள் சான்றிதழை வைத்துத்தான் என்பதால் வைத்திருக்கிறார். போன மார்கழி வரை அவளும் எல்லாரையும் போலத்தான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வட்டாரக் கடைகளில் 'செட்' என்று ஒரு வழக்கம் உண்டு. சளி, தும்மல் என்று வருகிறவருக்கு இரண்டு மூன்று அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வெட்டும்போது மாத்திரையின் பெயர் பாதியில் அறுந்துபோகும். எச்சரிக்கை வரி மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

கிறிஸ்துராஜுக்கு அப்படித்தான் கொடுத்தாள். ஞாயிறு மாலை லுங்கியோடு வந்து நின்றவர், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "ஒரு வாரத்துக்குப் போடும்மா" என்றார். காய்ச்சல் மாத்திரையும் குளோர்பெனிரமினும். குளோர்பெனிரமின் பழைய வகை அலர்ஜி மாத்திரை. தும்மலை நிறுத்தும், தூக்கத்தையும் கொண்டுவரும். அதனால் உறையின் மேல் 'ராத்திரி மட்டும்' என்று எழுதினாள். எழுதியதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்தாள். என்ன வேலை என்று கேட்கவில்லை.

அவர் மில் வேன் ஓட்டுகிறவர். விடியற்காலை நான்கு மணிக்குச் சுந்தரபாண்டியத்தில் பெண்களை ஏற்றி, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் முதல் ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கடைக்குள் வந்தது சண்டைக்கு.

"என்னத்தம்மா குடுத்த?" உறையைக் கண்ணாடி மேல் எறிந்தார். "நேத்து விடியக்காலம் வண்டி ரோட்டை விட்டு எறங்கி மைல்கல்லுல மோதியிருக்கு. உள்ள பதினாலு பொம்பளைய! கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் இருந்தேன். கல்லு தெரியுது, கை திரும்ப மாட்டேங்குது. சூப்பர்வைசர் நான் குடிச்சிருக்கேன்னு எழுதிட்டான். திங்கக்கெழமை விசாரணை. வேலை போயிரும்."

"ராத்திரிதானே போட்டீங்க, அண்ணே?"

"பத்து மணிக்குப் போட்டேன். மூணு மணிக்கு எந்திரிச்சேன். நீ எழுதுன மாதிரிதான்."

மாரிசெல்வி உறையை எடுத்துத் தான் எழுதியதைப் படித்தாள். அந்த மருந்து ஐந்து மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போகாது. நாலைந்து நாள் தொடர்ந்து போட்டால் முந்தின நாளின் மிச்சத்தோடு சேரும். தூக்கம் வருவதாகத் தோன்றாமலேயே கைகால் மந்தப்படும். படித்ததுதான். ஆனால் உறையில் ஏறவில்லை.

"எம் மக எலினாவுக்கும் ரெண்டு குடுத்தேன். அவளுக்கும் தும்மல். பிளஸ் டூ அரையாண்டு. வேதியியல் பேப்பரு மேல தலையைச் சாச்சுத் தூங்கியிருக்கா. ராத்திரி யாருகிட்ட போன்ல பேசுனன்னு டீச்சர் கேட்டிருக்கு. என் புள்ளையை!"

"படிக்கிற பிள்ளைக்கு இது ஆகாது, அண்ணே. உங்களுக்கும் ஆகாது. தூக்கம் தராத வகை இருக்கு."

"அதை ஞாயித்துக்கெழமை சொல்லிருக்கணும்."

வேல்சாமி உள்ளேயிருந்து வந்தார். "ஏலே, என்ன சத்தம்? மூக்கு ஒழுகுனதுக்கு எல்லாக் கடையிலயும் குடுக்கிற மாத்திரை. நீ குடிச்சுட்டு ஓட்டுனதுக்கு எங்க கடையா கெடைச்சுது?"

கிறிஸ்துராஜ் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். பக்கத்து டீக்கடைக்காரர்கள் விலக்கிவிட்டார்கள்.

அவர் போன பிறகு வேல்சாமி உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். "எந்த இடத்திலயும் வாயைத் தொறக்காத. உறையில எழுதுன கையெழுத்து உன்னுது. கடை லைசென்சு போனா உன் சான்றிதழும் சேந்து போகும்."

அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாள் அந்தப் பயத்தோடு இருந்தாள். திங்கட்கிழமை காலை அரை நாள் விடுப்பு எழுதி மேசையில் வைத்துவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினாள்.

மில் அலுவலகத்தில் மேனேஜர் தனுஷ்கோடி இருந்தார். கிறிஸ்துராஜ் சுவரோரம் நின்றிருந்தார். வேனில் வந்த பெண்களில் மூத்தவளான சீனியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"நீதான் மாத்திரைக்காரியா? டிரைவருக்குத் தூக்க மாத்திரையைக் குடுத்து எங்களைக் குழிக்குள்ள தள்ளப் பாத்தியே, நல்லா இருப்பியாட்டி நீ?"

மாரிசெல்வி அவளைத் தாண்டி உள்ளே போனாள். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. கொண்டுவந்த காகிதத்தை மேசையில் வைத்தாள். மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை நாள் என்று எழுதி, கீழே கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டிருந்தாள்.

"கண்ணு செவந்து கெடந்துச்சு. நாக்கு கொழறுச்சு. இது குடி இல்லாம என்ன?" என்றார் தனுஷ்கோடி.

"கண்ணு சிவந்தது அலர்ஜியால. மில்லு வேன்ல தினமும் பஞ்சுத் தூசிக்குள்ளதான இருக்காரு. இந்த மாத்திரை வாயை உலர்த்தும், அதான் நாக்கு ஒட்டியிருக்கு. சாராய வாடை வந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா, சார்?"

"வரலை" என்றாள் வாசலிலிருந்து சீனியம்மாள், எரிச்சலோடு. "அதைச் சொல்லணும்ல."

"அப்போ தப்பு உன்னுது. இவன் வேலைக்கு நீ பொறுப்பு எடுத்துக்கிறியா?" என்றார் தனுஷ்கோடி.

"என்ன வேலைன்னு கேட்காம குடுத்தது என் தப்பு. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

தனுஷ்கோடி காகிதத்தை இரண்டு முறை படித்தார். ஒரு வாரம் குடோனில் மூட்டை ஏற்றட்டும், டாக்டர் கடிதம் கொண்டுவந்தால் வேன் தரலாம் என்றார். குடித்தான் என்று எழுதியதை அடித்து நீக்கச் சொன்னார். அவளிடம், "உன் கடை மேல புகார் எழுதுவோம்" என்றார். எழுதவும் செய்தார்கள்.

வெளியே வந்ததும் கிறிஸ்துராஜ் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. "மூட்டை தூக்க வச்சுட்டியே" என்று மட்டும் சொன்னார்.

மருந்து ஆய்வாளரிடமிருந்து கடைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. வேல்சாமி அவளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் செட் வெட்டுவதை நிறுத்தினாள். அட்டையை முழுசாக வாங்கினால் வாங்கட்டும், இல்லையென்றால் எதிர்க்கடைக்குப் போகட்டும். வண்டி ஓட்டுகிறவரா, தேர்வு எழுதுகிறவரா என்று கேட்டாள். புதிய வகையான செட்ரிசின்கூடச் சிலருக்குத் தூக்கம் தரும், முதலில் வீட்டில் இருக்கிற நாளில் போட்டுப் பாருங்கள் என்றாள். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து கிறிஸ்துராஜ் டாக்டர் சீட்டோடு வந்தார். எதிர்க்கடையில் அந்த மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. அவருக்கும் எலினாவுக்கும் ஃபெக்ஸோஃபெனடின். தூக்கம் மிகக் குறைவான வகை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டினார்.

"தண்ணியோட போடுங்க, அண்ணே. ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோட போட்டா மருந்து உடம்புல சரியா சேராது. நெஞ்செரிச்சல் மருந்து எதுவும் சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க. பாப்பா பரீட்சைக்கு முந்தி லீவு நாள்ல ஒண்ணு போட்டுப் பாக்கட்டும்."

"இப்பத்தான் வாய் தொறக்குதோ" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். அட்டைகளை வெட்டாமல் உறைக்குள் வைத்து, உறையில் இருவர் பெயரையும் தனித்தனியாக எழுதினாள். அவர் அதைப் பறிப்பதுபோல வாங்கிக்கொண்டு, வேன் நின்ற பக்கம் நடந்தார்.