பன்னிரண்டாயிரம் கேட்ட தம்பதி

கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் நான், மற்றவர் என்னைவிடப் பல வயது சிறியவர். அடுத்த பருவத்தில் அது யாருக்கு என்று முடிவுசெய்ய, துறைத்தலைவி மஃப்ளர் சகிதம் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

ஸ்லைடில் கணவன், மனைவி, இருவருக்கும் பொதுவாக ஒரு வங்கிக் கணக்கு. இருப்பு பத்தாயிரம். கணவன் மூவாயிரம் எடுக்கிறான். அதே நொடியில் மனைவி இரண்டாயிரம் எடுக்கிறாள். இருவரும் பத்தாயிரம் என்று படித்துவிடுகிறார்கள். அவன் ஏழாயிரம் என்று எழுத, அதன்மேல் அவள் எட்டாயிரம் என்று எழுதுகிறாள். அவன் எடுத்தது கணக்கிலேயே இல்லை. இதுதான் ரேஸ் கண்டிஷன்.

"ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிட வேண்டியதுதான சார்?" என்றாள் மன்னவனூர் மாணவி.

"ஒருத்தர் எடுக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாதும்மா."

"அப்ப எங்க வீடுதான் சார்."

வகுப்பு சிரித்தது. துறைத்தலைவி சிரிக்கவில்லை.

புரோகிராமை ஓட்டினேன். ஐயாயிரம் வந்தது. மறுபடி ஓட்டினேன், அதே ஐயாயிரம். தவறு வரவேண்டிய இடத்தில் என் வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சரியான விடை வந்துகொண்டிருந்தது. வேலை அத்தனை சின்னது. மனைவி தொடங்குவதற்குள் கணவன் முடித்துவிடுகிறான்.

"பேங்க்ல ஒழுங்காத்தான் சார் பண்றாங்க" என்று நாயுடுபுரம் பையன் ஆறுதல் சொன்னான்.

படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். எட்டாயிரம்! நான் மகிழ்ந்த வேகத்தில், இந்தத் தவறைத் தடுக்கும் செமஃபோரையும் போட்டேன். அறைக்கு ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிட் சொன்னவர் சாவியை வாங்கி உள்ளே போவார். சிக்னல் சொல்லித் திருப்பித் தருவார். அதுவரை மற்றவர் வெளியே நிற்பார். இப்போது எத்தனை முறை ஓட்டினாலும் ஐயாயிரம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இருக்கறதுக்கு மேல கேட்டா சார்? ஆளுக்குப் பன்னெண்டாயிரம்?" என்றாள் மன்னவனூர்.

போட்டேன். 'போதிய இருப்பு இல்லை' என்று கணவனுக்கு வந்தது. மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. திரை அப்படியே கிடந்தது. எண்டரைத் தட்டினேன், நெட்டைத் திட்டினேன், இதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"சார்," என்றார் துறைத்தலைவி, கடைசி பெஞ்சிலிருந்து, "பணமில்லன்னதும் ரிட்டர்ன் ஆயிடறீங்க. சிக்னல் எங்க?"

"சாவியோட போயிட்டாரு அண்ணாச்சி! அந்தம்மா வாசல்லயே நிக்குது!" என்றது நாயுடுபுரம். வகுப்புக்கு அன்றுதான் செமஃபோர் முழுதாகப் புரிந்தது. என் புண்ணியத்தில்.

அடுத்த பருவ அட்டவணையில் அந்தப் பாடத்துக்கு நேரே சின்னவரின் பெயர் இருந்தது.

"ஸ்லைடு நல்லா இருக்கு சார். அவருக்கே அனுப்பிடுங்க," என்றார் துறைத்தலைவி. "அந்த சிக்னல் வரியச் சேர்த்துட்டு."

சேர்த்தேன். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் கேட்டு ஓட்டிப் பார்த்தேன். பணம் இல்லை என்று இருவருக்கும் மரியாதையாகச் சொல்லிவிட்டு உடனே முடிந்தது. பார்க்கத்தான் கடைசி பெஞ்சில் யாரும் இல்லை.