ஏழு தரம் கழுவிய வீடு

சினேகிதியின் வீட்டில் கள்ளன் புகுந்தது பட்டப்பகலில். அவள் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு மணிபோல வந்தவள், முன்கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறாள். பின்னால் சமையல் குசினிக் கதவு வெளிப்பக்கம் ஒரு சாண் திறந்திருந்ததாம். அங்கே நின்றபடியே எனக்குப் போன் எடுத்தாள்.

"ஊட்டுக்குள்ள ஆரோ வந்து போயிரிக்காங்க கா."

"வந்து போனாங்களா, இன்னும் உள்ளதான் இரிக்காங்களா? உனக்கென்ன தெரியும்? புள்ளயக் கூட்டிட்டு றோட்டுக்கு வா. ஒண்டுலயும் கை வெக்காத. பொலிசுக்குப் போன் அடி, நான் வாறன்."

இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் என் வீடு. அடுப்பில் இருந்த கறியை இறக்கிவிட்டு ஓடினேன். அவள் மகளின் கையைப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். அடுத்த வீட்டுக்காரி கொடுத்த தண்ணீர்க் கிளாஸ் அவள் கையில் அப்படியே இருந்தது. இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போனில் அவ்வளவு புத்திசாலித்தனமாகக் கதைத்த நான், பக்கத்தில் போனதும் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன போச்சு?"

அவள் மகளை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். எங்கள் ஊரில் களவு போன வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லி முடிய அடுத்த வார்த்தை "எத்தின பவுண்?" என்பதுதான். பதில் கிடைத்ததும், "பொருள் போனாப் போகட்டும், உசிருக்கு ஒண்டும் ஆகல்லயே, அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். பொருள் போனால் போகட்டும் என்றால் பிறகு எதற்கு அதை எண்ணுகிறார்கள்? எனக்கு எரிச்சலாக வந்தது. முதலில் கேட்டவள் நான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பொலிசார் வந்து அறை அறையாகப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். அலுமாரிக் கதவில் தூள் பூசி விரல் அடையாளம் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுடைய விரல்களிலும் மை பூசினார்கள். வங்கி அட்டையும் போயிருந்ததால் உடனே வங்கிக்குச் சொல்லி நிறுத்த வைத்தேன். அந்த வேலை கிடைத்தது எனக்குத்தான் பெரிய ஆறுதல்.

குசினிக் கதவில் உடைத்த அடையாளம் எதுவும் இல்லை.

"காலையில பூட்டிட்டுத்தானே போன நீங்க?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"ஓம்" என்றாள். பிறகு, "பூட்டினன் எண்டுதான் நினைக்கிறன்" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"வேற ஆருக்கிட்டயாவது திறப்பு இரிக்கா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. நான்தான் சொன்னேன். "என்னட்ட ஒரு செட் இரிக்கி சேர்."

அவளுடைய மாப்பிள்ளை, மகளின் வாப்பா, கத்தாருக்கு வேலைக்குப் போனபோது, ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவளே தந்த மாற்றுச் சாவிகள்தான் அந்தத் திறப்புகள். பொலிஸ்காரர் அதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை எனக்கு முகம் சுட்டது.

பிறகு மோப்ப நாய் வந்தது. கொண்டுவந்தவர் மரியாதையான மனிதர், உள்ளே விடலாமா என்று கேட்டுத்தான் விட்டார். அது கட்டிலடியில் கொட்டிக் கிடந்த உடுப்புகளுக்குள் மூக்கை விட்டு முகர்ந்தது. அவளுடைய தொழுகை உடுப்பும் அதற்குள்தான் கிடந்தது. பின்வாசலால் ஓடிய நாய் பிரதான வீதி வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவன் ஏதோ வாகனத்தில் ஏறியிருக்கலாம் என்றார்கள். முறைப்பாட்டு இலக்கத்தைத் தந்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் வீட்டில் இருந்த பெண்களுக்குள் புது வழக்கு ஆரம்பித்தது. நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவுவது எங்கள் மார்க்க முறை. இந்த நாய் தொட்ட இடத்தைக் கழுவ வேண்டுமா, வேண்டாமா? காய்ந்த உடம்பு பட்டால் குற்றமில்லை என்றாள் ஒருத்தி. மூக்கு ஈரம்தானே என்றாள் இன்னொருத்தி. கடைசியில் கழுவுவது என்று முடிவானது. எனக்கோ செய்வதற்கு இன்னொரு வேலை கிடைத்த சந்தோஷம். பின்வளவில் மண் அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்தேன். மண் தண்ணீரால் ஒரு தரம், நல்ல தண்ணீரால் ஆறு தரம். கட்டிலடியையும் அது முகர்ந்த உடுப்புகளையும் முறைப்படி கழுவினோம். சத்தமாக எண்ணி எண்ணி ஊற்றினேன்.

அவள் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழாவது வாளியை ஊற்றியதும் கேட்டாள்.

"நாய் பட்டதுக்கு ஏழு தரம். அவன்ட கை பட்டதுக்கு எத்தின தரம் கா கழுவுற?"

வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ட உள்ளுடுப்பெல்லாம் கிளறி எறிஞ்சிரிக்கான். புள்ளட கட்டில்ல இருந்திரிக்கான், மெத்தை குழிஞ்சு கிடந்திச்சு. நான் பூட்டினனா, இல்லயா? அதயாவது சொல்லு."

"வடிவா யோசிச்சுப் பாரு" என்றேன். மடச்சி நான். அதையே யோசித்து யோசித்துத்தான் அவள் அந்தக் கோலத்தில் நின்றாள். சொன்னது பிழை என்று விளங்கியதும், "பூட்டாட்டியும் வந்தவன்தான் கள்ளன், நீ இல்ல" என்றேன். ஆனால் முதல் வார்த்தை போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்று நாள் தாயும் மகளும் என் வீட்டில் இருந்தார்கள். பெற்றோர் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு அவளுடையது. அதை விட்டு எங்கே போவாள்? கதவு வேலை செய்யும் ஓடாவியைக் கூட்டிப் போய் இரண்டு கதவுக்கும் பூட்டு மாற்ற வைத்தவள் நான். குசினிக் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, பின்வாசலில் லைட் எல்லாம் நான் சொன்னதுதான். வேலை முடிந்ததும் ஓடாவி ஒவ்வொரு பூட்டுக்கும் மூன்று திறப்பு வீதம் அவளிடம் கொடுத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கை நீட்டவில்லை. ஆனால் நீட்டிய மாதிரித்தான் நின்றேன்.

ஆறு திறப்பையும் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்களை அங்கே விட்டுவிட்டு என் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். இருபது வருடச் சினேகிதம் இதற்குத்தானா? பூட்டை மாற்று என்று சொன்னவளே நான்! பழைய திறப்புகளைக் கழற்றி எறியப் போனேன். ஆணியில் தொங்கிய அவற்றைக் கையில் எடுத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. அந்த வீட்டின் திறப்பு இன்னொரு இடத்திலும் இருக்கிறது என்ற நினைப்புத்தான் அவளைத் தூங்க விடவில்லை. அந்த இடம் என் வீடாக இருந்தாலும் பயம் பயம்தானே. விளங்கியது உண்மை. வலி போகவில்லை என்பதும் உண்மை.

அடுத்த நாள் இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

"நான் வாசல்ல நிக்கிறன். உள்ள போறவரைக்கும் கதைச்சிட்டிரிக்கியா?"

"இந்தா ஓடி வாறன்."

"வேணாம். நீ வந்தா நாளைக்கும் மனசு உன்னத் தேடும். போன்லயே இரி. நான் கத்தினா மட்டும் வா."

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. மகளை வாசலில் நிற்கச் சொன்னாள். ஹோல், குசினி என்று ஒவ்வொரு அறையின் பேரையும் சொல்லிக்கொண்டு போனாள். நான் ஓம், ஓம் என்றேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் உள்ள ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு அந்தப் போன் வரும். மாதம் நாலாகிவிட்டது. கள்ளன் பிடிபடவில்லை. நேற்றும் வந்தது. ஹோல் முடிந்தது, குசினி முடிந்தது, மகளின் அறைக்குள் போனாள்.

"கட்டிலுக்குக் கீழ குனியிறன்" என்றாள். "வெச்சிராத கா."

நான் வைக்கவில்லை.