அறுபட்ட வடம்

திருகோணமலை நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள மாடிக் கட்டடத்தில், இரண்டு மேசையும் ஒரு அலுமாரியும் கொள்ளுகிற அறையில் குணேஸ்வரி பதினெட்டு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருந்தார். மற்ற மேசை சோமசேகரத்தினுடையது. இருவரும் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தவர்கள். குணேஸ்வரி கையால் எழுதுவார். சோமசேகரம் தட்டச்சுச் செய்வார். குணேஸ்வரி முத்திரை குத்திக் கையொப்பமிடுவார். தட்டச்சுப் பிரதியை அவர் மறுபடி வாசிப்பதில்லை. சோமண்ணை கைபட்ட தாளில் பிழை இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை.

போரில் சம்பூரிலிருந்து ஓடிவந்த வருடம் அகதிப் படிவங்களை ஆங்கிலமாக்கிக் கொடுக்கத் தொடங்கியவர் குணேஸ்வரி. 'இடம்பெயர்ந்தோர்' என்று அதிகாரிகள் எழுதும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரியும். நாங்களாகவா பெயர்ந்தோம், பெயர்க்கப்பட்டோம் அல்லவா என்று சொல்லிச் சண்டை பிடிப்பார். ஒரு வினையின் வாலில் ஆர் செய்தது என்ற கேள்வி ஒளிந்திருக்கும் என்பதை அவர் அப்படித்தான் கற்றார்.

ஒரு புதன்கிழமை காலை, குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த துறைமுகத் தொழிலாளி தாஹிர் ஊன்றுகோலோடு படியேறி வந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னர் சரக்குத் தூக்கிய வடம் அறுந்து, சரக்கு அவருடைய காலில் விழுந்திருந்தது. அவர் தமிழில் கொடுத்த வாக்குமூலத்தை, கொம்பனியின் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்காகக் குணேஸ்வரிதான் ஆங்கிலமாக்கியிருந்தார்.

"அக்கா, கொம்பனியால கடிதம் வந்திருக்கு. என்னை வேலையால நிப்பாட்டிட்டாங்க," என்று தாளை நீட்டினார்.

தமிழ்க் கடிதம்தான். 'வடம் உங்களால் வெட்டப்பட்டமை உங்கள் வாக்குமூலத்திலேயே தெரிவிக்கப்பட்டுள்ளது' என்றிருந்தது.

"நான் வெட்டல்லையே அக்கா. அப்பிடி நான் சொல்லவுமில்லையே."

குணேஸ்வரி அலுமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார். தாஹிர் சொன்னது அப்படியே இருந்தது: 'சாக்குக் கிழிக்கிற கத்தியோட நின்றேன். வடம் அறுபட்டது. காலில் அடிபட்டது.' அதன் கீழே அவருடைய கையெழுத்திலேயே ஆங்கிலம்: வடம் தானாக அறுந்து போனது என்று பொருள்படும் சொல். அடுத்த தாள் சோமசேகரம் தட்டச்சுச் செய்தது. அதில் 'அறுபட்டது' இருந்த இடத்தில் 'வெட்டப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. முந்திய வரியில் கத்தி. இந்த வரியில் வெட்டு. மிச்சத்தைக் கொழும்பில் வாசித்தவர்கள் தாங்களே கூட்டி, 'உங்களால்' என்று எழுதிவிட்டார்கள். கீழே குணேஸ்வரியின் கையொப்பம்.

அவர் தாஹிரைக் கதிரையில் இருத்திவிட்டுச் சோமசேகரம் வரும்வரை காத்திருந்தார்.

"சோமண்ணை, இந்தச் சொல்லை ஆர் மாத்தினது?"

அவர் தாளைப் பார்த்தார், தாஹிரைப் பார்க்கவில்லை. "படு எண்டு வந்தாச் செயப்பாட்டுவினைதானே குணேஸ். இலக்கணப்படி சரிதான்."

"உங்களுக்குத் தெரியாதா? வெட்டப்பட்டது எண்டா அதுக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கிறான். ஆரால எண்டு கேட்கலாம். அறுபட்டது எண்டா அதுக்கு நேர்ந்தது, அவ்வளவுதான். இவற்ற காலில அடிபட்டது எண்டா, ஆரோ அடிச்சதெண்டா அர்த்தம்? எங்கட சனம் கதைக்கேக்க ஆளைத் தெரிஞ்சா, இவன் வெட்டினவன் எண்டு நேராச் சொல்லும். தெரியாட்டி அறுபட்டுப் போச்சு எண்டு சொல்லும்."

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பிழை நடந்திட்டுது. விடுங்கோவன்."

"நடக்கேல்லை. நீங்கள் செய்தனீங்கள். ஏன்?"

சோமசேகரம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார். அவருடைய மகள் கஜந்தி அந்தக் கொம்பனியில் தற்காலிக வேலையில் இருந்தாள். மனேஜர் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லி, பதிலுக்கு ஒரேயொரு சொல்லை மாற்றித் தரக் கேட்டிருந்தார். "உம்மட பேர் கெடும் எண்டு நான் நினைக்கேல்லை, தங்கச்சி," என்றார்.

பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அந்தத் 'தங்கச்சி' குணேஸ்வரிக்குக் கசந்தது. என் கையொப்பத்தைத் திருடுவதற்காகவா இந்த மனிசன் இத்தனை வருடம் என் நம்பிக்கையைச் சேர்த்து வைத்தார் என்று நினைத்தார். அழுகை வரவில்லை.

அன்று பின்னேரமே தொழில் திணைக்களத்துக்குப் போய்ச் சத்தியக் கடதாசி கொடுத்தார். 'மொழிபெயர்ப்பில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது' என்று உத்தியோகத்தர் எழுதத் தொடங்கினார். குணேஸ்வரி அவரைத் தடுத்து வேறு வாக்கியம் சொன்னார்: "சோமசேகரம் மாற்றினார். நான் வாசிக்காமல் கையொப்பமிட்டேன்."

"இரண்டாவது வரி உங்களைத்தான் தாக்கும், அம்மா," என்றார் உத்தியோகத்தர்.

"ஓம். எழுதுங்கோ."

தாஹிரைக் கொம்பனி திரும்ப எடுத்தது. கால் சரியில்லாததால் வாசற் காவலுக்கு. குணேஸ்வரிக்கு ஆறு மாதம் முத்திரை பாவிக்கத் தடை விழுந்தது. கஜந்தி வேலையை விட்டாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று குணேஸ்வரி பிறகு கேள்விப்பட்டார். சோமசேகரம் ஒரு நாள் குணேஸ்வரி இல்லாத நேரம் பார்த்து வந்து மேசையைக் காலி செய்துகொண்டு போனார். ஒரு துண்டுக் கடிதம்கூட வைக்கவில்லை.

தடை முடிந்ததும் குணேஸ்வரி தட்டச்சையும் தானே செய்யத் தொடங்கினார். விரல் பழகவில்லை, ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும். உதவிக்கு ஆள் வைக்கச் சொன்னவர்களுக்கு, "இனி ஏலாது," என்று மட்டும் சொன்னார்.