ஏழாவது ஃப்ரெட்டில் வேல்விழி

நாரணாபுரத்துப் பாண்டிக்குப் பகலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. கோயில் பொங்கல் மாதங்களில் மட்டும் சங்கரலிங்கத்தின் மெல்லிசைக் குழுவில் கிட்டார். அந்தக் குழுவில் வேல்விழி பாடிக்கொண்டிருந்தவரை, அவனை யாரும் தனியாகக் கவனித்ததில்லை. அவனும் அதை எதிர்பார்த்ததில்லை.

வேல்விழி விஸ்வநத்தத்துப் பெண். பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பாடினாள். சங்கரலிங்கம் சொந்தமாக மெட்டுப்போட்ட மாரியம்மன் பாட்டு ஒன்று இருந்தது. ஊர் ஊராக அதைத்தான் கேட்பார்கள். அவளுக்கு அதில் ஆறு கட்டை சுருதி, அதாவது ஏ. முதலில் பாண்டி ஏ கார்டையே, அந்தச் சுருதிக்கான சுரக்கூட்டையே, நேராகப் பிடித்து வாசித்தான். சுருதி சரிதான், ஆனால் கிட்டார் அடியில் கனமாக உட்கார்ந்துகொண்டது. அவள் குரல் மேலே எங்கேயோ தனியாக நின்றது.

ஒருநாள் கேப்போவை எடுத்து ஏழாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் ஏழாவது கட்டத்தில், மாட்டிப் பார்த்தான். கேப்போ என்பது ரப்பர் வைத்த சின்னக் கவ்விதான். கிட்டாரின் கழுத்தில் எங்கே கவ்வுகிறதோ, அங்கிருந்துதான் ஆறு கம்பியும் தொடங்கும். கம்பி குட்டையாகிவிடுவதால் சுருதி ஏறும். ஏழு ஃப்ரெட் தள்ளி மாட்டி டி கார்டைப் பிடித்தால், காதுக்குக் கேட்பது ஏ. ஆனால் அது வேறொரு ஏ. அடியில் கனமே இல்லாமல், மெல்லிய கம்பிகள் மட்டும் மணி மாதிரி கணகணத்தன. அதோடு டி பிடிக்கும்போது சுண்டுவிரல் சும்மா இருக்கும். அதைக் கடைசிக் கம்பியில் ஒரு தடவை வைத்து எடுத்தால், சுரம் சற்று ஏறி இறங்கும். ஒவ்வொரு அடி முடிவிலும் வேல்விழி மூச்சு வாங்குகிற இடத்தில் பாண்டி அதைச் செய்தான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். அதற்குமேல் ஏதாவது சொல்ல நினைத்திருந்தானோ என்னவோ, சொல்லவில்லை.

தீபாவளி சீசனுக்கு முந்தின ஆனி மாதம், அவள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த அறை வெடித்தது. பிரஸ்ஸில் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பாண்டிக்குச் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததைப் பார்த்தான். லாரி போகிறது என்று நினைத்துக்கொண்டான். பிறகு பல நாள் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

குழு அந்த வருஷம் எங்கும் போகவில்லை. அடுத்த பங்குனி நெருங்கியபோது சங்கரலிங்கம் ஆமத்தூரிலிருந்து சினேகா என்ற பெண்ணைக் கூட்டி வந்தார். நல்ல அழுத்தமான குரல். அவளுக்கு ஐந்து கட்டை, ஜி. கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கிச் சுருதியைக் கீழே இறக்கிவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றார் சங்கரலிங்கம். பாண்டி கேப்போவை ஏழிலிருந்து ஐந்துக்கு நகர்த்தினான். அதே டி கார்டு. இப்போது அது ஜி என்று ஒலித்தது. விரலுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

முதல் வரிக்கு முன்னால் வரும் வாசிப்பிலேயே டிரம்ஸ் அடிப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பாண்டிக்கும் அது கேட்டது. ரெண்டு ஃப்ரெட் தள்ளி, சற்றுத் தணிந்த குரலில் வேல்விழி வந்து நிற்பதுபோல் இருந்தது. சுண்டுவிரல் தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சினேகா ஒவ்வொரு அடியிலும் தாமதமாகவே எடுத்தாள். சங்கரலிங்கம் தாளத்தைச் சரியாகப் பிடிக்கும்படி கண்டித்தார். அவள் தலையாட்டிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் இடைவெளி விட்டாள்.

விஸ்வநத்தத்துக் கோயில் பொங்கலுக்குக் கச்சேரி. வேல்விழியின் அம்மா ராமுத்தாய் கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாண்டி வாசிக்க ஆரம்பித்ததும், சினேகா வாய் திறக்கும் முன்னாலேயே, அந்த அம்மா எழுந்து மேடையருகே வந்துவிட்டார். அவர் சினேகாவைப் பார்க்கவில்லை. மேடையின் இடது மூலையைப் பார்த்தார். வேல்விழி எப்போதும் நிற்கும் இடம் அது. அங்கே ஸ்பீக்கர் பெட்டிதான் இருந்தது. அதைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். சினேகாவுக்குக் குரல் வரவில்லை. பாண்டி முன்வாசிப்பை மறுபடியும் வாசித்தான். பிறகு அவள் எப்படியோ பாடி முடித்தாள்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது சினேகா அவனிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க எனக்கு வாசிக்கீகளா, அவுகளுக்கு வாசிக்கீகளா?"

பாண்டி கிட்டாரை உறையில் போட்டான்.

"நீங்க வாசிக்கையில எனக்கு முன்னாடி ஒருத்தர் பாடிட்டு இருக்காக. அவுக முடிக்கட்டும்னு நான் நிக்கேன். எனக்கு எடம் எங்கன இருக்கு?"

வேனில் வரும்போது அவன் கேப்போவைக் கையில் வைத்து அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே வந்தான். வேல்விழியை மேடைக்கு அழைத்து வந்தது தானே என்று அவனுக்குத் தெரிந்தது. சினேகாவின் சுருதிக்குக் கேப்போ தேவையே இல்லை. கிட்டாரில் ஜி சும்மாவே இருக்கிறது.

அடுத்த ஒத்திகையில் கேப்போவைக் கழற்றினான். கவ்வியிருந்த அழுத்தம் போனதும் கம்பிகள் கொஞ்சம் பிசகியிருந்தன, சுருதி சேர்த்துக்கொண்டான். கேப்போ இல்லாமல் நேரே ஜி கார்டைப் பிடித்து ஆறு கம்பியையும் ஒருசேர மீட்டினான். நேற்றுவரை வாசித்த அதே ஜிதான். கீபோர்டோடு நூல் பிசகாமல் சேர்ந்தது. ஆனால் தடித்த கம்பி அடியில் உறுமியது, அதன்மேல் மற்றவை அகலமாகப் பரவின. டி கார்டில் அடியில் இருந்த சுரம் இதில் உச்சியிலும் இருந்தது. மேலே கணகணத்தது கீழே இறங்கிக் கலந்துவிட்டது. சுண்டுவிரலுக்கு அந்தப் பழைய வேலை இங்கே இல்லை. அது அந்தக் கடைசிக் கம்பியை அழுத்திப் பிடிப்பதிலேயே மாட்டிக்கொண்டது.

சினேகா சரியான இடத்தில் எடுத்தாள். ஒருமுறைகூட இடைவெளி விடவில்லை. சங்கரலிங்கம், இன்றைக்குத்தான் உனக்குத் தாளம் பிடிபட்டது என்று அவளைப் பாராட்டினார். பாண்டி குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தான். மூலையில் யாரும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அவன் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டாரோடு ராமுத்தாய் வீட்டுக்குப் போனான். கம்பெனி லீவு, தெருவே வெளியே உட்கார்ந்திருந்தது. இனி அந்தப் பாட்டை வேறு மாதிரி வாசிக்கப் போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பாட்டு அதேதான், சத்தம்தான் மாறும் என்றான்.

"அப்ப அவ வரமாட்டாளா?" என்று கேட்டார் ராமுத்தாய்.

"மேடைக்கு வரமாட்டாக, அம்மா."

அவர் வெகுநேரம் சேலை முந்தியை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வரச் சொன்னார். பாண்டி கேப்போவை ஏழாவது ஃப்ரெட்டில் மாட்டி, அந்த முன்வாசிப்பை வாசித்தான். ராமுத்தாய் அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாண்டி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அடி முடிகிற இடத்தில் சுண்டுவிரலை வைத்து எடுத்தான். அடுப்படியில் எதுவோ ஒரு தடவை லேசாக அசைந்ததுபோல் இருந்தது. காற்றாக இருக்கலாம்.

"போதும்யா" என்றார் ராமுத்தாய். "அந்தப் புதுப் புள்ள நல்லாத்தான் பாடுது. அன்னிக்கு நான் அது மொகத்தைக்கூடப் பாக்கல. ஒரு நாளு கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரமே சினேகாவைக் கூட்டிப்போனான். ராமுத்தாய் தனக்கும் சேர்த்து மூன்று பேருக்குச் சோறு போட்டார். யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை.