லோடு வண்டிக்கு வழி

காத்தானின் டிராக்டர் மூட்டையோடு பின்னால் போய் ஊரில் யாரும் பார்த்ததில்லை. குடவாசல் பக்கத்து ஆற்றங்கரைச் சாலையில் இருபத்தாறு வருஷமாக நெல் ஏற்றி ஓட்டுகிறவர். அந்தச் சாலையில் ஒரு வண்டிதான் போகலாம். இடையிடையே கரை அகன்ற இடத்தில் ஒருவர் ஒதுங்கினால்தான் எதிரே வருகிறவர் கடக்க முடியும். எதிரே மினி பஸ் வந்தாலும் சரி, கல்யாணக் கார் வந்தாலும் சரி, காத்தான் இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார். "லோடு வண்டிக்குத்தான் வழி. காலியா வர்றவங்க பின்னாடி போங்க" என்பார். ஊர் வழக்கமும் அதுதான். அதனால் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். டிரெய்லர் மாட்டிய டிராக்டரைப் பின்னால் எடுக்க அவருக்கு வராது. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகும். அந்தக் கணக்கு அவர் கைக்கு ஏறவே இல்லை. நெல்லடிக்கும் களத்தில் வட்டமடித்துத் திரும்பியே மனுஷன் காலத்தை ஓட்டிவிட்டார். காலியாகத் திரும்பும்போது மட்டும் ஊரைச் சுற்றி மெயின் ரோட்டில் வந்துவிடுவார்.

தை மாதக் கடைசியில் ஒரு முற்பகல். எண்பது மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் அகன்ற இடம் முழுக்க மலர்க்கொடி நெல்லைப் பரப்பிக் காயப்போட்டிருந்தாள். காத்தானின் தெருக்காரி. சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டுகிறவள்.

"ஒதுங்குற எடத்துல நெல்லக் கொட்டுனா வண்டி வானத்துலயா போகும்?" என்று கத்தினார்.

"நீங்கதான் ஒதுங்கவே மாட்டீங்களே மாமா!"

அவளோடு நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். காத்தான் விறைப்பாக ஓட்டினார். ஐம்பது தப்படி போயிருப்பார். வளைவில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து நின்றது.

டிரைவர் இனியவன் இறங்கி ஓடிவந்தான். "அண்ணே, எனக்குப் பின்னாடி கைப்பிடி இல்லாத பாலம், அதுக்கு அந்தப் பக்கம்தான் இடம். அரை கிலோமீட்டர். உங்களுக்கு இதோ இருக்கு. கொஞ்சம் பின்னாடி எடுங்க."

"லோடு வண்டி தம்பி..." என்று வாய் தானாகச் சொன்னது.

"உள்ள பிரசவக் கேஸுண்ணே. புள்ளைக்குக் கால் முன்னாடி வருது. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்."

உள்ளிருந்து ஒரு அலறல். காத்தான் ரிவர்ஸ் கியரைப் போட்டார். டிரெய்லர் சட்டென்று மடங்கியது. ஆற்றுப் பக்கச் சக்கரம் கரை விளிம்புக்கு வர, மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பிரேக்கை மிதித்தார். இன்னொரு முறை தப்பினால் எண்பது மூட்டையும் ஆற்றில். வழியும் அடைபட்டுப்போகும், அந்தப் பிள்ளையும் போய்விடும்.

அதற்குள் மலர்க்கொடி ஓடிவந்து பார்த்தாள். "என்ன மாமா?"

இருபத்தாறு வருஷத்துக் கெத்தை அவர் அங்கேயே இறக்கி வைத்தார். "எனக்கு ரிவர்ஸ் வராதும்மா. என்னைக்குமே வந்ததில்ல. நீ ஏறு."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பி, "நெல்ல அள்ளுங்கடி!" என்று குரல் கொடுத்தாள். இனியவனிடம், "நீங்க பத்தடி பின்னாடி எடுங்க. முன்னாடி இழுத்து நேராக்கிட்டுத்தான் எடுக்கணும்" என்றாள். அங்கே பெண்கள் பலகையால் தள்ளி, முறத்தால் வாரி, தார்ப்பாயோடு இழுத்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் இடம் காலி.

காத்தான் கரையோரம் நின்று வாய் பிளந்து பார்த்தார். அவள் சீட்டில் பாதி திரும்பி உட்கார்ந்து, டிரெய்லரை முதலில் நேராக இழுத்தாள். பிறகு மெல்ல மெல்லப் பின்னால். டிரெய்லர் இம்மி விலகும் முன்பே ஸ்டியரிங் இம்மி திரும்பியது. எண்பது மூட்டையும் குழந்தைபோல அவள் சொன்னபடி நடந்தன. ஐம்பது தப்படி! அதற்குப் பிறகு ஒரு தடவைகூட முன்னால் இழுத்துச் சரிசெய்யவில்லை. அகன்ற இடத்தில் வண்டி ஒதுங்கி நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சாலையில் இத்தனை வருஷம் ஓட்டியும் இப்படி ஒரு அழகை அவர் பார்த்ததே இல்லை.

ஆம்புலன்ஸ் சீறிக்கொண்டு கடந்தது. மலர்க்கொடி இறங்கி, "ஏறுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அறுத்த வயலில் காலி டிரெய்லரோடு ஒரு டிராக்டர் பின்னால் போவதும் மடங்குவதுமாக இருந்தது. ஊர் பார்த்தது. சிரிக்கவும் செய்தது. காத்தான் நிறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து, அதே இடத்தில், மூட்டையோடு வந்த அவருக்கு எதிரே இனியவனின் ஆம்புலன்ஸ். இந்த முறை காலி.

"தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கண்ணே!" என்று தலையை நீட்டிச் சொன்னான். "லோடு வண்டி, நீங்க வாங்க. நான் பாலத்தத் தாண்டிப் பின்னாடி போயிடுறேன்."

காத்தான் இன்ஜினை அணைக்கவில்லை, வெற்றிலைப் பையைத் தேடவும் இல்லை. "இரு தம்பி. எனக்குத்தான் இடம் கிட்டக்க இருக்கு" என்று சீட்டில் பாதி திரும்பி உட்கார்ந்தார்.

டிரெய்லர் கோணலும் மாணலுமாகப் பின்னால் வருவதை மலர்க்கொடிதான் முதலில் பார்த்தாள்.

"அடியே, நெல்ல அள்ளுங்கடி, மாமா ஒதுங்க வர்றாங்க!"