ரசீதில் தவறாக விழுந்த என் பெயர்

தேக்குத் தோட்டத்தில் போட்டால் பணம் பெருகும் என்று சொன்ன கம்பெனி, ஒருநாள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மறைந்தது. நானும் கணவரும் ரசீது, பாஸ்புக் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துப் போலீஸில் புகார் கொடுத்தோம். அசலை நாங்களே வைத்துக்கொண்டு, புகாரின் நகலில் முத்திரை வாங்கினோம்.

இரண்டு மாதம் கழித்து, நாங்கள் குடியிருக்கும் விஷ்ராந்த்வாடி வீட்டுக்குப் போன் வந்தது. வக்கீல் அலுவலகம் என்றவர் இந்தியில் மரியாதையாகப் பேசினார். அசல் ரசீதும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பிவிடுமாம்.

"ஐயாயிரம்தானே, குடுத்துப் பாக்கலாமே?" என்றார் கணவர்.

எனக்குப் போனில் பேசியவர் என் பெயரைச் சொன்ன விதம் உறுத்தியது. கம்பெனி ரசீதில் மட்டும் என் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. அவரும் அதே தவறோடுதான் கூப்பிட்டார்.

"கம்பெனி லிஸ்ட் இவன் கையில இருக்குங்க. ஏமாத்தினவங்க ஆளாத்தான் இருக்கும்."

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் சொன்னோம். பணத்தை மீட்டுத் தர போலீஸோ கோர்ட்டோ கட்டணம் கேட்காது என்றார் அவர். போன் வந்த நேரத்தையும் பேச்சையும் எழுதி வாங்கிப் புகாரோடு சேர்த்தார்.

பணம் வரவில்லை. அதே கம்பெனியில் போட்டிருந்த கீழ்வீட்டுக்காரர் அந்த ஆளிடம் ஐயாயிரத்தையும் கொடுத்திருந்தார். போன் வந்த அன்றே அவரை எச்சரிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.